இரண்டாம் நம்பர் புருவம்

நளினிக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சம் அல்ல. திருப்பதியில் சிரஞ்சீவி நடத்தும் கல்யாணப் பத்திரிகை ஸ்டூடியோவில் மூன்று வருடமாக அவள்தான் படம் போடுகிறாள். பெண், மாப்பிள்ளை போட்டோவை வாட்ஸாப்பில் அனுப்பினால் போதும். பெரிய தலை, சின்ன உடம்பு, கன்னத்தில் ரோஜா நிறம் என்று இரண்டு பொம்மைகளாக மாற்றி, கோபுரத்துக்கு முன்னால் ஜோடியாக நிறுத்தி, சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடுவாள். முகூர்த்த மாதத்தில் ஒரு நாளைக்கு ஏழு ஜோடி. இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. குறை சொல்லாததையே அவள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தாள். வினை அதில்தான் இருந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு மாடிப்படி ஏறி ஒரு பெண் வந்தாள். வெளிர்நீலக் காட்டன் புடவை, தோளில் பள்ளிக்கூடத்துப் பை. வந்தவள் உட்காரவில்லை. செல்போனைத் திறந்து நளினியின் மேஜைமேல் வைத்தாள். திரையில் நளினி மூன்று நாளுக்கு முன் போட்ட படம். பிச்சாட்டூர் கோவர்த்தனன் வீட்டுக் கல்யாணம்.

"இதுல இருக்கறது யாரு?" என்றாள்.

நளினி படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "நீங்கதான் மேடம். தேவசேனா, கணக்கு டீச்சர். மாப்பிள்ளை பரணி, சித்தூர்ல மாம்பழக்கூழ் ஃபேக்டரி."

"இது நான் இல்ல. என் தங்கச்சி பிரீத்தி."

நளினிக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காதுதான் சிவக்கும். சட்டென்று கம்ப்யூட்டரில் மூல போட்டோவையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். "பாருங்க மேடம். மூக்குத்தி இடப்பக்கம், அப்படியே கீது. நடு வகிடு, அதே ஜிமிக்கி, அதே அரக்குப் புடவை. மூக்கும் வாயும் உங்க போட்டோவ வச்சித்தான் வரைஞ்சேன். ஒண்ணும் என் இஷ்டத்துக்குப் போடல."

"எல்லாம் கரெக்ட்டுதான். ஆளுதான் மாறிப் போயிட்டா" என்றாள் தேவசேனா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நளினிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவள் குடும்பத்து வாட்ஸாப் குரூப்பைத் திறந்து காட்டினாள். படத்துக்குக் கீழே வேங்கடாசலம் மாமா என்று பெயர் போட்டு ஒரு செய்தி. 'வாழ்த்துகள் பிரீத்தி கண்ணு! அக்காவ வச்சிக்கினு தங்கச்சிக்கு முடிச்சிட்டீங்களா?' அதற்குக் கீழே பதினோரு பேர் கைகூப்பியிருந்தார்கள். மாமாவைத் திருத்த ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"மாமா போனாப் போறாரு, அவருக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றாள் தேவசேனா. "போன வருஷம் சத்தியவேடு பக்கத்துலேர்ந்து என்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. காப்பி குடுத்துட்டு உள்ள போனேன். கெளம்பறப்ப எங்க நைனாகிட்ட, சின்னவளைக் குடுக்கறதுன்னா சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. சரி, போகட்டும்னு விட்டேன். இப்ப இந்தப் படத்தை மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். சூப்பர்னு போட்டு மூணு ஹார்ட்டு அனுப்பிக்கீறாரு." அந்த மூன்று ஹார்ட்டையும் காட்டினாள். "அவரு சூப்பர்னு சொன்னது யாரை?"

நளினி பார்வையைப் படத்துக்குத் திருப்பினாள்.

"அதனால படம் வேணாம். பேரு மட்டும் போட்டுக் குடுங்க. நைனா, அம்மா ரெண்டு பேரும் மலைமேல கீறாங்க. என் கல்யாணம் குதிர்ந்தா முடி குடுக்கறேன்னு நைனா வேண்டிக்கினாரு. எறங்கி வந்ததும் அச்சுக்குக் குடுத்துட்டுப் போயிடுவோம். அஞ்சு மணிக்கு பிரஸ்ஸுல பிளேட்டு போடறாங்களாம்."

உள்ளறையிலிருந்து சிரஞ்சீவி எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், சண்டை என்றால் மட்டும் பிடிக்காது. "தப்பகுண்டா, கண்டிப்பா மேடம், பேரு மட்டும் போட்டா இன்னும் டீசென்ட்டு. நளினி, அந்தத் தாமரை பார்டரை எடு" என்றார். அவருக்குத் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும்.

நளினி பார்டரை எடுக்கவில்லை. பேர் மட்டும் போட்டு அனுப்பினால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் எதிரே நின்றவளுக்கு முடியாது. அவள் தாலி கட்டிக்கொண்டு போன பிறகும் 'யாரை' என்ற அந்தக் கேள்வி கூடவே குடித்தனம் போகும். அது நளினிக்கு நன்றாகவே தெரிந்தது. தன் கையால் வந்த வினை என்பதும் தெரிந்தது. அதைவிட, தான் போட்ட படம் தப்பு என்று ஒருத்தி சொல்லி, எங்கே தப்பு என்று தனக்கே தெரியாமல் இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்கு நாலு மணி வரைக்கும் டைம் குடுங்க மேடம். நான்தான்னு உங்க வாயாலயே சொல்றாப்ல போட்டுக் காட்டறேன். இல்லைன்னா நானே தாமரை போட்டுத் தரேன்."

தேவசேனா அவளை ஒரு பார்வை பார்த்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து கை தூக்கும் பிள்ளையைப் பார்க்கும் பார்வை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் நளினி தங்கையின் போட்டோவைக் கேட்டு வாங்கினாள். இரண்டையும் சேர்த்து வைத்தாள். ஒரே மூக்கு, ஒரே உதடு, கண்ணும் ஏறக்குறைய ஒன்று. அக்கா தங்கை என்றால் அப்படித்தானே இருக்கும். பிரீத்திக்கு வில்லாக வளைந்த மெல்லிய புருவம், மாதம் தவறாமல் பார்லரில் நூல் போட்டது. முகவாய் வெற்றிலை நுனிபோல் கூராக முடிந்தது.

அடுத்து தன் படம் எப்படி உருவானது என்று பின்னோக்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி உண்டு. ஆறு புருவம், நாலு முகவாய், எட்டுக் கொண்டை, எல்லாம் முன்கூட்டியே வரைந்து வைத்தவை. ஏழு ஜோடி போட வேண்டிய நாளில் ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்துகொண்டிருந்தால் விடிந்துவிடும். அதற்காக சிரஞ்சீவி வைத்த சட்டம் ஒன்று. பெள்ளிக்கூதுரு, அதாவது கல்யாணப் பெண், யாராக இருந்தாலும் இரண்டாம் நம்பர் புருவம், முதல் நம்பர் முகவாய். மெல்லிய வளைவு, கூர்முனை. அழகாக இருக்கும், ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நளினி மூன்று வருடமாக ஆந்திரா, தமிழ்நாடு என்று பார்க்காமல் அத்தனை மணப்பெண்களுக்கும் அந்த ஒரே புருவத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறாள். பிரீத்தி தற்செயலாக அந்த அச்சுக்குப் பொருந்திப் பிறந்தவள், அவ்வளவுதான்.

"ஆனா நான் ஏன் இதக் கண்டுபிடிக்கல?" என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டாள். இதற்கும் பதில் வேண்டும் அவளுக்கு. மாடிப்படியில் இறங்கி, கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சபீனாவைக் கையோடு கூட்டிவந்தாள்.

"சபீனா, இந்த மேடம் படியேறினப்ப பார்த்தல்ல? இது அவங்க படமா சொல்லு." பழைய படத்தைக் காட்டினாள்.

"ஆமா, அவங்கதான். மூக்குத்தி, வகிடு எல்லாம் கீதே."

நளினி முகத்தைத் தொடாமல் கூந்தலை மட்டும் மாற்றினாள். நடு வகிட்டை எடுத்துவிட்டுத் தோளில் புரளும் சுருள்முடி. "இப்ப?"

"இது வேற பொண்ணு."

அடுத்து பழைய கூந்தலையே வைத்து, புருவத்தைத் தடித்த ஐந்தாம் நம்பராக மாற்றினாள். "இது?"

"மொதல் பொண்ணேதான். என்ன நளினி, ஒரே பொண்ணைத் திருப்பித் திருப்பிக் காட்டறே? கடையில ஆளு நிக்குது." சபீனா போய்விட்டாள்.

நளினி தேவசேனா பக்கம் திரும்பினாள். காது சிவப்பு போய் முகத்தில் உற்சாகம் வந்திருந்தது. "பார்த்தீங்களா? புதுசாப் பார்க்கறவங்க முடியத்தான் பார்க்கறாங்க. வெளித் தோற்றத்த வச்சி ஆளச் சொல்றாங்க. நானும் உங்கள போட்டோவுல பார்த்த புது ஆளுதான? முடி சரி, மூக்குத்தி சரி, ஆளு சரின்னு நெனச்சிட்டேன். பழகினவங்க பார்க்கறது நடு முகம். உங்க மாமா முடியப் பார்க்கல. அவருக்குக் கண்ணாடியும் மாத்த வேணாம், அவரு கண்ணு நல்லாத்தான் கீது."

தேவசேனா முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள். "அப்போ நடு முகத்துல இன்னா?"

அது நளினிக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டது பன்னிரண்டரை மணிக்கு, படியேறி வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். பளபளவென்று மொட்டை, அதன்மேல் சந்தனம். மீசையும் இல்லை. பின்னால் லட்டுப் பையோடு ஓர் அம்மாள். அந்த மனிதரை நளினி நேரில் பார்த்ததே இல்லை. குடும்ப போட்டோவில் பார்த்திருக்கிறாள், அதில் அடர்த்தியான நரைமுடியும் மீசையும் வைத்திருந்தார். ஆனால் அவர் வாயைத் திறக்குமுன் நளினி எழுந்து, "வாங்க கோவர்த்தனன் சார்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே திகைப்பாக இருந்தது. முடி முழுக்க மலையில் கிடக்கிறது, மீசை மலையில் கிடக்கிறது, ஆனாலும் ஆள் மாறவில்லையே!

"எப்படிம்மா கண்டுபிடிச்சே? கீழ ஸ்டேண்டுல நம்ம ஊரு கண்டக்டரே யாரோன்னு போயிட்டான்" என்றார் அவர்.

நளினி அவர் முகத்தையே பார்த்தாள். மனிதர் கூச்சப்பட்டு மொட்டையைத் தடவிக்கொண்டார். முடி இல்லாத முகத்தில் இரண்டே விஷயம் எடுப்பாகத் தெரிந்தன. வளையாமல், ஸ்கேல் வைத்த மாதிரி நேராக ஓடிக் கண்மேல் இறங்கி உட்கார்ந்த புருவம். காதுக்குக் கீழே மூலை போட்டுத் திரும்பும் தாடை. காலையிலிருந்து போட்டோவில் பார்த்துப் பார்த்துத் தனக்குப் பழகிய கோடுகள் இவை என்று புரிந்தது. பிறகு தேவசேனாவைப் பார்த்தாள். அதே கோடு, அதே மூலை. மகளுக்கு அப்படியே இறக்கி வைத்திருக்கிறார் மனிதர்.

"கெடைச்சிட்டுது!" என்று மேஜையைத் தட்டினாள்.

கிடைத்த சந்தோஷத்தில் அவசரப்பட்டாள். இரண்டாம் நம்பரைத் தூக்கி எறிந்துவிட்டு, புருவத்தைத் தடியாக நேராகப் போட்டாள். கூர்முகவாயை அழித்து அகலத் தாடை வைத்தாள். மற்றதெல்லாம் பழையபடிதான், பெரிய உருண்டைக் கண் உட்பட. திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"நைனாவுக்குச் சேலை கட்டி வுட்ட மாரி கீது" என்றாள் தேவசேனா. கோவர்த்தனனே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

சிரிக்காதவள் லட்டுப் பையோடு நின்ற அம்மாள் மட்டும். காஞ்சனா என்று பெயர். "இதுக்குத்தான் சொன்னேன்" என்று உள்ளறையிலிருந்து வந்து நின்ற சிரஞ்சீவியைப் பார்த்துச் சொன்னாள். "கன்னத்தை ஒட்டப் போடுங்கன்னு."

அறையில் சிரிப்பு நின்றது. தேவசேனா மெதுவாகத் திரும்பினாள். "நீ எப்பம்மா சொன்னே?"

காஞ்சனா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "போன் பண்ணித்தான் சொன்னேன். இன்னா தப்பு? ஒரு எடம் அதனாலதான போச்சி? பத்திரிகை நாலு பேர் கைக்குப் போவுது. அதுலயாவது கொஞ்சம் அழகா இருந்துட்டுப் போன்னு சொன்னேன்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கைக்கோ தன் குஞ்சுக்கு முலாம் பூச வேண்டியிருந்தது. அவளைத் திட்டவும் முடியாது. அந்த சத்தியவேடுக்காரர்கள் பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள் அவள். தேவசேனா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அந்த முதுகைப் பார்க்க நளினிக்கு மனசு வலித்தது. அம்மா, மாமா, மாப்பிள்ளை, தான் என்று நாலு பேருமாகச் சேர்ந்து ஒருத்தியை அவள் கல்யாணப் பத்திரிகையிலிருந்தே வெளியே தள்ளியிருக்கிறோம் என்று தோன்றியது.

"எந்துகம்மா, எதுக்கும்மா ரிஸ்க்கு? தாமரையே போடு" என்றார் சிரஞ்சீவி தாழ்ந்த குரலில்.

"சார், நீங்க போய் டீ சாப்ட்டு வாங்க" என்றாள் நளினி. முதலாளியிடம் அப்படிப் பேச இந்த ஊரில் அவள் ஒருத்தியால்தான் முடியும். அவரும் போனார்.

இந்த முறை அவசரப்படவில்லை. போட்டோவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, தடிமனை விட்டுவிட்டு இடத்தைப் பார்த்தாள். தேவசேனாவின் புருவம் தடித்தது இல்லை, அப்பாவுடையதில் பாதிகூட இல்லை. ஆனால் கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவே இடமே கிடையாது. இமைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. இடப்புருவம் வலதைவிட ஒரு நூல் மேலே. இரண்டும் வெளிக்கோடியில் மேலேறாமல் கீழே சாய்ந்தன. அப்போதுதான் உருண்டைக் கண்ணின் குற்றம் அவளுக்கு விளங்கியது. பொம்மைக்குக் கண்ணை ஒன்றரை மடங்கு பெரிதாக்குவது வழக்கம். கண் வளர்ந்தால் புருவத்துக்கு இடம் ஏது? நெற்றிக்கு ஓட வேண்டியதுதான். புருவம் மேலே போனால், கண்டிப்பான டீச்சரும் பலூனைக் கண்ட குழந்தை மாதிரி வாயைப் பிளந்து நிற்பாள். கண்ணைப் பெரிதாக்கிவிட்டுப் புருவத்தைத் தேடுவதில் பயனே இல்லை.

கண்ணைச் சிறிதாக்கினாள். ஸ்டூடியோ வழக்கத்துக்கு அது மகாபாவம். புருவத்தைக் கீழே இறக்கி இமையோடு ஒட்டினாள், நேராக, கோடி சாய்ந்து, இடது ஒரு நூல் மேலே. தாடைக்கு வந்தாள். முன்பு போட்டது ஆண் தாடை, கழுத்தைவிட அகலம். தேவசேனாவுக்குக் கன்ன எலும்பும் தாடையும் ஏறக்குறைய ஒரே அகலம், அவ்வளவே. காதுக்குக் கீழே ஒரு திருப்பம், முகவாய் அடியில் விரற்கடை நீளத்துக்குத் தட்டை. அந்தத் திருப்பத்தை மட்டும் உள்ளதைவிடக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். எல்லோருக்கும் இருப்பதைப் பெரிதாக்கினால் எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள். ஒருத்திக்கு மட்டும் இருப்பதைப் பெரிதாக்கினால்தான் அவள் வருவாள். இது எந்தப் புத்தகத்திலும் படிக்காமல், அந்த நாற்காலியில் உட்கார்ந்தே அவளுக்குத் தெரிந்தது. பிறகு சோதித்துப் பார்க்க மூக்கை ஒரு சின்னக் கோடாகக் குறைத்தாள். ஆள் போகவில்லை. உதட்டை ஒரு வளைவாக்கினாள். போகவில்லை. மூக்குத்தியை எடுத்தாள். அப்போதும் அங்கேயே இருந்தாள் தேவசேனா, அசைக்க முடியாமல்.

மணி மூன்றரை. "மேடம், வாங்க" என்றாள்.

தேவசேனா வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "ம். இது நான்தான்" என்றாள். அதைச் சொன்ன விதத்தில் சந்தோஷம் பாதி, பயம் பாதி.

கோவர்த்தனன் எட்டிப் பார்த்து, "அட, என் பொண்ணு!" என்றார். காஞ்சனா பார்த்துவிட்டு, "அச்சாத்தான் கீது" என்றாள். உடனே, "அதான் பிரச்சனை. மாப்பிள்ளை வூட்டுல இன்னா சொல்லுவாங்களோ" என்றாள்.

"அம்மா சொல்றதும் சரிதான்" என்றாள் தேவசேனா. "இத அனுப்பினா அதுக்கும் சூப்பர்னு போடுவாரு. அரக்குப் புடவை, மூக்குத்தி, நடு வகிடு எல்லாம் கீதுல்ல? உங்க சபீனா மாரி வெளிய பார்த்துட்டுச் சொல்லுவாரு. அவருக்கு என்னைத் தெரியுமா, தெரியாதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கணக்கு டீச்சர் அல்லவா, சரியான இடத்தில் பிடித்தாள். நளினிக்கு அவள்மேல் மரியாதை கூடியது.

"நேர்ல எத்தினி தடவை பார்த்துக்கீறாரு?"

"ரெண்டு தடவை. அப்புறம் ரெண்டு மாசமா வீடியோ கால். அதுவும் எங்க ஊரு சிக்னல்ல. முகம் கட்டம் கட்டமாத்தான் தெரியும்."

"கட்டம் கட்டமா தெரிஞ்சா இன்னும் நல்லது" என்றாள் நளினி. "கலங்கின படத்துல மூக்குத்தி தெரியாது, உதடு தெரியாது. கறுப்பா புருவமும், தாடை மூலையும்தான் தங்கும். ரெண்டு மாசமா அவரு பார்த்துக்கினு இருக்கறது அதைத்தான்."

சொல்லிக்கொண்டே படத்திலிருந்து கூந்தலை அழித்தாள். புடவையை அழித்தாள். ஜிமிக்கி, பொட்டு, மூக்கு, வாய், கடைசியாகக் கண். வெள்ளைத் திரையில் மூன்றே கோடு மிஞ்சியது. மேலே இரண்டு புருவம், கீழே காதிலிருந்து காதுக்கு ஒரு தாடை.

"இத அனுப்புங்க. பேரு போடாதீங்க, ஒண்ணும் எழுதாதீங்க, இன்னாதுன்னு மட்டும் கேளுங்க."

"தெரியலைன்னு சொல்லிட்டா?" என்றாள் தேவசேனா.

"சொல்ல மாட்டாரு."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் வரைஞ்சது மேடம்" என்றாள் நளினி. காலையில் இதையே சொல்லியிருந்தால் அது வாய்ச்சவடால். இப்போது இல்லை.

தேவசேனா அனுப்பினாள். 'இது என்ன?' என்று கேட்டாள். செல்போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள், உடனே நிமிர்த்தி வைத்தாள். காஞ்சனா லட்டுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். டீ குடித்துவிட்டு வந்த சிரஞ்சீவி விஷயம் கேட்டு, "மூணு கீதலா? வெறும் கோடு, பரமாத்மாவுக்கே தெரியாது" என்று சொல்லி, நளினி முறைத்ததும் அடங்கினார். சித்தூரில் மாம்பழ சீசன், கூழ் ஓடுகிற நேரம். மாப்பிள்ளை போனை எடுப்பாரா என்பதே சந்தேகம். ஒரு டிக், இரண்டு டிக். பத்து நிமிஷம் ஆயிற்று. இரண்டு டிக்கும் நீலமாயின. அதற்குப் பிறகும் பதில் வரவில்லை.

குரல் செய்தியாக வந்தது. பின்னணியில் மெஷின் சத்தம், அதற்கு மேலே பரணி கத்திப் பேசியிருந்தான்.

"இன்னாங்க டீச்சர், யார் மேல கோவம்? ஒம்போது மணிக்கே மெசேஜ் போட்டேன், பார்க்கவே இல்ல. இப்ப முகத்தை மட்டும் அனுப்பி முறைக்கிறீங்க. நான் இன்னா பண்ணேன்?"

கோவர்த்தனன் ஹோவென்று சிரித்தார். காஞ்சனா, "அய்யோ, புள்ள பயந்துட்டாரு, பதில் சொல்லுடி" என்று மகளின் முழங்கையைத் தட்டினாள். தேவசேனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அவளும் குரலிலேயே கேட்டாள்.

"கோவமெல்லாம் இல்ல. அன்னிக்கு அனுப்பின படத்துக்கு சூப்பர்னீங்களே, அது யாரு?"

இந்த முறை பதில் உடனே வந்தது.

"அதுவா? அதுல நீங்க எங்க கீறீங்க? போன மாசம் எங்க ஷிஃப்ட்டு ஹேமநாத் கல்யாணப் பத்திரிகையிலயும் அதே பொண்ணுதான் இருந்தா. பத்திரிகைன்னா அந்தப் பொண்ணைத்தான் போடுவாங்க போலன்னு நெனச்சிக்கினேன். கலரு நல்லா இருந்திச்சி, சூப்பர்னேன். தப்பா?"

சிரஞ்சீவி சட்டென்று கணக்கு நோட்டில் முகத்தைப் புதைத்தார். ஹேமநாத் பத்திரிகையும் இங்கே போட்டதுதான். நளினிக்குக் காது மறுபடி சிவந்தது, இந்த முறை வெட்கத்தில். வாங்க வேண்டிய அடிதான். ஆனால் அவளும் சிரித்துவிட்டாள்.

நாலரை ஆகியிருந்தது. நளினி கண்ணையும் கூந்தலையும் புடவையையும் திரும்பக் கொண்டுவந்து, படத்தைப் பத்திரிகையில் வைத்தாள். காஞ்சனா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். தாடை இருந்த இடத்தில், திரைமேல், ஒரு விரலை வைத்தாள். "இத ஒட்டப் போட வேணாம்மா" என்றாள் மெல்ல. "இப்படியே இருக்கட்டும்."

"பிரஸ்ஸுக்கு அனுப்பிடட்டுமா மேடம்?"

தேவசேனா கொஞ்சம் யோசித்தாள். "இன்னும் ஒரு ஆளைப் போட முடியுமா? டைம் கீதா?"

"யாரை?"

"பிரீத்தியை. பொண்ணுத் தோழியா. அவளை அவ மாரியே போடுங்க, அவளுக்கு அந்த ரெண்டாம் நம்பரு சரியாத்தான் இருக்கும்."

நளினி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க போடட்டும்? பின்னாடி, ஓரமாவா?"

"எதுக்கு ஓரமா?" என்றாள் தேவசேனா. "என் பக்கத்துல போடுங்க."